வக்கீல் நோட்டீஸுக்குக் கடைக்காரரின் பதில்: எந்தப் பாக்கியை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது

கேள்வி: "எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறேன். சப்ளையர் வக்கீல் மூலமா நோட்டீஸ் விட்டிருக்கார். அசல் 3,20,000, வட்டி 64,600, ஆக மொத்தம் 3,84,600 ரூபாயை 15 நாளில் கட்டணுமாம். என் கணக்குப்படி பாக்கி 2,34,275தான். இப்போ ஒரு லட்சம் தர முடியும். தந்தா முழுசையும் ஒப்புக்கிட்டதா ஆகிடுமா சார்? பதில் கடிதம் எப்படி எழுதணும்? பில், சலான் நகல் எல்லாம் அனுப்பியிருக்கேன்."

ஆகாது. ஒரு லட்சம் கொடுத்ததனாலேயே 3,84,600 உங்கள் கடனாகிவிடாது. ஆனால் அந்தப் பணத்தோடு என்ன எழுதி அனுப்புகிறீர்கள் என்பது மிக முக்கியம். எதுவும் எழுதாமல் அனுப்பினால் அதற்கும் ஒரு விளைவு உண்டு, அது உங்களுக்குச் சாதகமானதல்ல.

நான் பல வருடம் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதியவன். இப்படிப்பட்ட பதில் கடிதங்களை வாங்கிப் பிரித்துப் படிக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கடைக்காரர் எழுதிய கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. "வியாபாரம் ரொம்ப மந்தம். உங்கள் பாக்கியை ஒரு பைசா வைக்காமல் தீர்த்துவிடுவேன். இத்துடன் ஐம்பதாயிரம் அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். அவர் திருப்பி அனுப்பிய சரக்குக்கு நாங்கள் கிரெடிட் நோட் போடவேயில்லை என்பது எனக்குத் தெரியும். போனில் அதைப் பலமுறை கேட்டவர், கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. "உங்கள் பாக்கி" என்ற இரண்டு சொல்லில் எங்கள் பேரேட்டில் இருந்த முழுத் தொகைக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் போல ஆகிவிட்டார். பின்னால் அவர் வக்கீல் எவ்வளவு வாதாடியும் அந்தக் கடிதத்தைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது.

அதனால் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னால் கணக்கை முடியுங்கள். நோட்டீஸில் இருப்பது மொத்தத் தொகை மட்டும். நீங்கள் பில் வாரியாகப் பிரித்தால்தான் சண்டை எந்த இடத்தில் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் அனுப்பிய நகல்களை வைத்து நான் பிரித்துப் பார்த்தேன். நான்கு பில். ஏப்ரல் 6 தேதியிட்ட 412ஆம் எண் பில் 96,000. மே 9, 447ஆம் எண் 1,12,500. ஜூன் 14, 489ஆம் எண் 84,300. ஜூலை 20, 530ஆம் எண் 67,200. கூட்டினால் 3,60,000. அவர்கள் வரவு வைத்திருப்பது 40,000 மட்டும். 3,20,000 என்ற அசல் இப்படித்தான் வந்திருக்கிறது. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் 85,725. இது ஐந்து விஷயங்களால் ஆனது. ஐந்துக்கும் ஒரே பலம் இல்லை.

மிகப் பலமானது, நீங்கள் நெஃப்ட்டில் அனுப்பிய 35,000. பணம் போன கணக்கு பில்லில் அச்சிட்டிருக்கும் அதே வங்கிக் கணக்கு. அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யூ.டி.ஆர். எண் உங்கள் பாஸ்புக்கில் இருக்கிறது. இது ஏமாற்று வேலையாக இருக்க வேண்டியதில்லை. பெயர் ஒத்துப்போகும் வேறொரு கடையின் பேரேட்டில் வரவு வைத்துவிடுவது எங்கள் அலுவலகத்திலேயே நடந்திருக்கிறது. கடிதத்தில் தேதி, தொகை, யூ.டி.ஆர். எண் மூன்றையும் எழுதினால் போதும், விளக்கம் வேண்டாம்.

அடுத்தது 489ஆம் பில்லில் திருப்பி அனுப்பிய 18,900 ரூபாய்ச் சரக்கு. லாரி ஆபீஸ் ரசீதும், அவர்கள் கிடங்கில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் உங்களிடம் இருக்கிறது. கிரெடிட் நோட் மட்டும் வரவில்லை.

மூன்றாவது 530ஆம் பில். 24 பெட்டிக்குப் பில், பெட்டி 2,800 ரூபாய். வந்தது 20 பெட்டி. டெலிவரி சலானின் உங்கள் நகலில் "24" என்ற எண்ணைச் சுழித்து, பக்கத்தில் நீலப் பேனாவில் "20 மட்டும், 4 குறைவு" என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். இது பொன்னான காரியம். சரக்கை இறக்கிய அன்றே எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு, நோட்டீஸ் வந்த பிறகு நினைவுபடுத்திச் சொல்வதற்கு இருக்காது. குறைவோ உடைசலோ இருந்தும் நியாயமான காலத்துக்குள் சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருத சரக்கு விற்பனைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான்கு பெட்டிக்கு 11,200 கழிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள். 530ஆம் பில்லுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி எடுத்தபோது 24 பெட்டிக்கும் எடுத்தீர்களா, 20 பெட்டிக்கா? வராத சரக்குக்கு வரி வரவு எடுக்க உரிமை இல்லை. சப்ளையர்கள் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் GSTR-2B பட்டியலில் முழுப் பில்லும் தெரிந்ததால் ஆடிட்டர் அப்படியே எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் எதிர்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார். "நான்கு பெட்டி வரவில்லை என்கிறார், ஆனால் அந்த நான்குக்கும் வரி வரவு எடுத்திருக்கிறார்" என்று ஒரே வரியில் உங்கள் சலானை மங்க வைத்துவிடுவார். கடிதம் போவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் சொல்லி அதைத் திருப்பிவிடுங்கள். திருப்பி அனுப்பிய சரக்கின் வரிக்கும் இதே கதைதான். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பில்லுக்கு எடுத்த வரி வரவையும் தற்காலிகமாகத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது, பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பில்கள் எல்லாமே அந்த நாளைத் தாண்டிவிட்டன என்பதால் அதையும் அவரிடம் சேர்த்துக் கேளுங்கள்.

நான்காவது, சேல்ஸ்மேன் கையில் ரொக்கமாகக் கொடுத்த 15,000. ரசீது இல்லை. 412ஆம் பில்லின் பின்பக்கம் தேதி, "15000 பெற்றேன்" என்ற வரி, கீழே அவர் போட்ட சுருக்கக் கையெழுத்து. இது ஒன்றுமில்லாததல்ல, அதே சேல்ஸ்மேன் முன்பு இதே மாதிரி வாங்கிய தொகைகளைக் கம்பெனி வரவு வைத்திருந்தால் அந்தப் பழக்கம் உங்களுக்குத் துணை வரும். அவர்கள் வரவு வைத்திருக்கும் 40,000 ரூபாயும் அந்தச் சேல்ஸ்மேன் கையில் கொடுத்ததுதான் என்றால் அதைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அவர் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை என்பதால் "பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அது உங்களுக்குத் தெரிந்த விஷயமல்ல. உங்களுக்குத் தெரிந்தது, அவர்களுடைய ஆளிடம் அவர்களுடைய பில்லுக்காகப் பணம் கொடுத்தீர்கள் என்பது மட்டும்.

ஐந்தாவதுதான் மெலிந்தது. 447ஆம் பில்லுக்கு ஐந்து சதவீதம், அதாவது 5,625 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சேல்ஸ்மேன் வாட்ஸ்அப்பில் சொன்னது. "பார்த்து போட்டுடலாம் அண்ணே" என்ற செய்தி வாக்குறுதியா இல்லையா என்று நாளெல்லாம் பேசலாம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் அது கடைசி வரியாக வரட்டும். பலவீனமான கோரிக்கையை முதலில் வைத்தால் படிக்கிறவர் மற்ற நான்கையும் அதே கண்ணோடு பார்ப்பார்.

இனி வட்டி. நோட்டீஸைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் 24 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுவார்கள், கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டேன். 3,20,000க்கு 24 சதவீதத்தில் 64,600 வர வேண்டுமென்றால் 307 நாள் ஆக வேண்டும். நோட்டீஸ் தேதி பிப்ரவரி 7. அதிலிருந்து 307 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 6, அதாவது முதல் பில்லின் தேதி. நான்கு பில்லின் சரக்கையும் நீங்கள் ஏப்ரல் 6 அன்றே வாங்கியது போல வட்டி போட்டிருக்கிறார்கள். ஜூலை 20இல் வாங்கியதற்கும் ஏப்ரலிலிருந்து வட்டி! பில்லின் அடியிலேயே "30 நாளுக்கு மேல் 24 சதவீதம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள், அந்த 30 நாளையும் கழிக்கவில்லை. 530ஆம் பில்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் விதிப்படியே பார்த்தாலும் ஆகஸ்ட் 19க்குப் பிறகுதான் வட்டி ஓடும். நோட்டீஸ் நாள் வரை 172 நாள், 7,600 ரூபாய். அவர்கள் போட்டிருப்பது சுமார் 13,565. அதுவும் வராத நான்கு பெட்டியையும் சேர்த்து. கடிதத்தில் இந்த ஒரு பில்லை உதாரணமாகக் காட்டினால் போதும், மொத்த வட்டிக் கணக்கின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

24 சதவீதம் என்ற விகிதத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டவரா என்பது தனிக் கேள்வி. பில்லில் அவர்களாக அச்சிட்ட வரியை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று வாதிடலாம், கண்டிப்பாக மறுத்து எழுதுங்கள். ஆனால் அதே வரி இருந்த பில்களைக் கையெழுத்திட்டு வாங்கி வந்திருப்பதால் எதிர்வாதமும் உண்டு, இதில் வெற்றி நிச்சயம் என்று நினைக்காதீர்கள். வட்டி விகிதம் பேசி முடிக்காத இடத்தில் 1978ஆம் வருட வட்டிச் சட்டப்படி நீதிமன்றம் வட்டி தரலாம். அந்த விகிதம் வங்கிகள் டெபாசிட்டுக்குத் தரும் உச்ச வட்டியைத் தாண்டாது, ஆகவே 24ஐ விட வெகுவாகக் குறைவு.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது கடுமையானது. நோட்டீஸிலோ பில்லிலோ உத்யம் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளையர் தானே பொருள் தயாரிக்கும் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவராக இருந்தால் 2006ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டம் வந்துவிடும். அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அப்படியானால் நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையைத் தள்ளிப்போடுவதே நஷ்டம். வாங்கி விற்கும் மொத்த வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும், 2021இல் அரசு வெளியிட்ட உத்தரவுப்படி அது முன்னுரிமைக் கடன் சலுகைக்கு மட்டும்தான், தாமதக் கட்டண வட்டிக்கு அல்ல. நீங்கள் அனுப்பிய நகல்களில் பதிவு எண் எங்கும் இல்லை.

இப்போது அந்த ஒரு லட்சம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் 59, 60, 61 என்று அடுத்தடுத்து மூன்று பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. பல கடன் இருக்கும்போது, கொடுக்கிறவர் "இது இந்தக் கடனுக்கு" என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் அப்படியே வரவு வைக்க வேண்டும். கொடுக்கிறவர் சொல்லாவிட்டால் எதற்கு வரவு வைப்பது என்ற உரிமை வாங்குகிறவருக்குப் போய்விடும், காலாவதியான பழைய பாக்கிக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். இருவருமே சொல்லாவிட்டால் தேதி வரிசை. இதோடு, எதற்கென்று சொல்லாத பணம் முதலில் வட்டிக்கும் பிறகுதான் அசலுக்கும் போகும் என்பது நீதிமன்றங்களில் நிலைபெற்ற விதி.

உங்கள் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். எதுவும் எழுதாமல் ஒரு லட்சத்தை அனுப்பினால், அவர்கள் 64,600ஐ வட்டியில் வரவு வைத்து, மீதி 35,400ஐ மட்டும் அசலில் கழிப்பார்கள். அசல் 2,84,600 என்று நின்றுகொண்டு 24 சதவீதத்தில் மறுபடி ஓடும். நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லாத வட்டியை உங்கள் பணத்தாலேயே கட்டி முடித்திருப்பீர்கள். அதையே "412ஆம் பில்லின் மீதி அசல் 6,000, 447ஆம் பில்லின் அசலில் 94,000" என்று எழுதி அனுப்பினால் ஒரு லட்சமும் அசலில் கழியும். இந்த நிபந்தனையோடு பணத்தை வாங்க மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வாங்கிக்கொண்டு நிபந்தனையை மட்டும் தள்ளிவிட உரிமை இல்லை. அதனால் கடிதமும் பணமும் ஒரே நாளில் போகட்டும், நெஃப்ட் குறிப்பிலும் இரண்டு பில் எண்ணையும் போடுங்கள். பணம் பில்லில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும்.

ஒரு லட்சத்தை "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதி அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்க இந்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அவர் அப்படி ஏற்க வேண்டும். 2,34,275 பாக்கி என்று நீங்களே சொல்லும்போது ஒரு லட்சத்தில் தீர்ந்தது என்பது உங்கள் நாணயத்தைத்தான் கெடுக்கும்.

இன்னொரு பொறி "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற தலைப்பு. பாதுகாப்பு என்று நினைத்து முழுக் கடிதத்துக்கும் மேலே அதைப் போட்டுவிடுகிறார்கள். சமரசப் பேச்சைப் பின்னால் சாட்சியமாகக் காட்டக்கூடாது என்பதற்கான வாசகம் அது. முழுக் கடிதத்தின் மேல் போட்டால், நாளை "நான் அன்றைக்கே மறுத்து எழுதினேன்" என்று அதே கடிதத்தை நீங்கள் காட்டும்போது உங்கள் வாசகமே உங்களைத் தடுக்கப் பார்க்கும். என் யோசனை, கணக்கும் மறுப்பும் ஒரு லட்சமும் தவணையும் திறந்த கடிதத்தில் இருக்கட்டும். நீங்கள் பாக்கி என்று ஒப்புக்கொள்ளும் பணத்தைக் கட்டுவது சமரசம் அல்ல, அதை மறைக்க ஒன்றுமில்லை. தள்ளுபடி 5,625ஐ விட்டுக்கொடுக்கத் தயார், கொஞ்சம் வட்டி தரத் தயார் என்பது போன்ற பேரம் இருந்தால் அது மட்டும் அந்தத் தலைப்போடு தனிக் கடிதமாகப் போகட்டும்.

கடிதத்தின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். எதிர்தரப்பு வக்கீலுக்கு முகவரியிட்டு, சப்ளையருக்கு நகல் போட வேண்டும்.

"அய்யா,

பொருள்: தங்கள் கட்சிக்காரருக்காகத் தாங்கள் அனுப்பிய பிப்ரவரி 7 தேதியிட்ட நோட்டீஸுக்குப் பதில்.

1. தங்கள் நோட்டீஸ் பிப்ரவரி 11 அன்று கிடைத்தது. அதில் கோரப்பட்ட ரூ. 3,84,600 சரியான தொகை அல்ல. கீழே வெளிப்படையாக ஒப்புக்கொண்டவை தவிர நோட்டீஸில் கண்ட மற்ற எல்லாவற்றையும் மறுக்கிறேன்.

2. 412, 447, 489, 530 ஆகிய எண்ணுள்ள நான்கு பில்கள் எனக்கு வந்தது உண்மை. தங்கள் கட்சிக்காரர் ரூ. 40,000 மட்டும் வரவு வைத்துள்ளார். கீழ்க்கண்டவை கழிக்கப்படவில்லை:
(அ) பில் 412க்காக நெஃப்ட் மூலம் செலுத்திய ரூ. 35,000. தேதியும் யூ.டி.ஆர். எண்ணும் இணைப்பு 1இல்.
(ஆ) பில் 489இல் திருப்பி அனுப்பி, அவர் கிடங்கில் பெற்றுக்கொள்ளப்பட்ட சரக்கு ரூ. 18,900. லாரி ரசீதும் பெறுகைக் கையெழுத்தும் இணைப்பு 2.
(இ) பில் 530இல் 24 பெட்டிக்குப் பதில் 20 பெட்டியே வந்தது. 4 பெட்டிக்கு ரூ. 11,200. டிரைவர் கையெழுத்திட்ட சலான் இணைப்பு 3.
(ஈ) பில் 412க்காக அவருடைய விற்பனைப் பிரதிநிதியிடம் ரொக்கமாகக் கொடுத்த ரூ. 15,000. பில்லின் பின்பக்கக் குறிப்பு இணைப்பு 4.
(உ) பில் 447க்கு ஒப்புக்கொள்ளப்பட்ட 5 சதவீதத் தள்ளுபடி ரூ. 5,625. செய்தியின் நகல் இணைப்பு 5.

3. இவற்றைக் கழித்தால் நான் தர வேண்டிய அசல் ரூ. 2,34,275 மட்டுமே. பில் வாரியாக: 412க்கு 6,000, 447க்கு 1,06,875, 489க்கு 65,400, 530க்கு 56,000. இதற்கு மேல் எந்தத் தொகையையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

4. 24 சதவீத வட்டிக்கு நான் சம்மதித்ததில்லை. மேலும் நான்கு பில்லுக்கும் ஏப்ரல் 6 முதலே வட்டி போடப்பட்டுள்ளது. ஜூலை 20 தேதியிட்ட பில் 530க்கும் அப்படியே. ரூ. 64,600 வட்டியை முழுமையாக மறுக்கிறேன்.

5. ஒப்புக்கொண்ட பாக்கியில் ரூ. 1,00,000ஐ இன்று தங்கள் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளேன். இது பில் 412இன் மீதி அசல் ரூ. 6,000க்கும், பில் 447இன் அசலில் ரூ. 94,000க்கும் மட்டுமே. வட்டிக்கோ வேறு எந்தக் கணக்குக்கோ வரவு வைக்கக்கூடாது. இது மறுக்கப்பட்ட தொகையை ஒப்புக்கொண்டதாகாது.

6. மீதி ரூ. 1,34,275ஐ மார்ச் 15 அன்று ரூ. 45,000, ஏப்ரல் 15 அன்று ரூ. 45,000, மே 15 அன்று ரூ. 44,275 என மூன்று தவணையில் செலுத்துவேன்.

7. தங்கள் கட்சிக்காரரின் பேரேட்டு நகலையும் உரிய கிரெடிட் நோட்டுகளையும் அனுப்பக் கோருகிறேன். இரு தரப்புக் கணக்கையும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

8. வியாபாரத் தொடக்கத்தில் உத்தரவாதமாக மட்டும் கொடுத்த, தொகை எழுதாத காசோலையைத் திருப்பித் தர வேண்டும். மேற்படி தகராறு இருக்கும்போது அதை நிரப்பி வங்கியில் போட அவருக்கு உரிமை இல்லை."

எட்டாவது பத்தியை நான் சேர்த்ததற்குக் காரணம், உங்கள் கேள்வியில் சொல்லாவிட்டாலும் பில் கட்டோடு அந்தக் காசோலையின் அடிக்கட்டு நகலும் வந்திருந்தது. அதன் எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள். 3,84,600 என்று நிரப்பிப் போட்டு, அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். கணக்குத் தகராறு அதற்கு முன்பே எழுத்தில் இருந்தது என்பது அங்கே உங்களுக்கு மிகப்பெரிய துணை. இதே காரணத்தால் மூன்று தவணைக்கும் முன்தேதியிட்ட காசோலை கொடுக்காதீர்கள். அவர்கள் வற்புறுத்துவார்கள். ஒரு மாதம் கல்லாவில் பணம் தட்டுப்பாடானால் சிவில் பாக்கியாக இருப்பது கிரிமினல் வழக்காக மாறிவிடும். கையில் இருக்கும் நோட்டீஸே காசோலை திரும்பியதற்கான நோட்டீஸாக இருந்திருந்தால் நான் சொன்னது எதுவும் போதாது, அதற்கு நேரே வக்கீலிடம் போக வேண்டும். உங்களுடையது அப்படியல்ல.

மூன்றாவது பத்தியில் உள்ள 2,34,275 என்ற எண்ணைக் கையெழுத்துப் போடுமுன் மறுபடி ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அது உங்களைக் கட்டும். வழக்கு வந்தால், ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கச் சப்ளையருக்கு வழி இருக்கிறது. கையெழுத்திட்ட ஒப்புதல் என்பதால் அந்தத் தொகைக்கு மூன்று வருடக் காலவரம்பும் அன்றிலிருந்து புதிதாக ஓடும். உங்கள் பில் எல்லாம் ஒரு வருடத்துக்குள்ளானவை, அதனால் இதில் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. மூன்று வருடம் தாண்டிய பழைய பில் ஒன்று நோட்டீஸில் இருந்திருந்தால் அதைப் பற்றி "தருகிறேன்" என்ற சொல்லே வரக்கூடாது என்று சொல்லியிருப்பேன். காலாவதியான கடனைக்கூட எழுத்தில் தருவதாக வாக்களித்தால் அது மறுபடி செல்லுபடியாகும்.

இவ்வளவு ஆபத்து இருந்தால் எல்லாவற்றையும் மறுத்துவிடலாமே என்று தோன்றும். நான் அதைச் சொல்ல மாட்டேன். நான்கு பில்லிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது, சரக்கு விற்றும் போய்விட்டது. ஒட்டுமொத்தமாக மறுத்தால் உண்மையான ஐந்து கழிவும் சாக்குப்போக்கு போலத் தெரியும். பதிலே போடாமல் இருப்பதும் அப்படித்தான். மௌனம் தானாகவே ஒப்புதல் ஆகாது என்றாலும், "சரக்கு குறைந்தது என்றால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

15 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. இருந்தாலும் அதற்குள் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், பட்டுவாடா ஆன சான்று கிடைக்கும்படி அனுப்பி, அதே நகலை வக்கீலின் மின்னஞ்சலுக்கும் போடுங்கள். இணைப்பில் நகல் மட்டும், அசல் சலானும் அந்தப் பில்லின் பின்பக்கமும் உங்கள் வீட்டு அலமாரியை விட்டு வெளியே போகக்கூடாது. பில் தாளில் எழுத்து மங்கும், இன்றைக்கே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து என்ன நடக்கும்? பெரும்பாலும் போன் வரும். நெஃப்ட் தொகையும் திருப்பிய சரக்கும் அவர்கள் கணக்காளர் பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளக்கூடியவை, அவரே பேரேட்டைத் திருத்தச் சொல்லுவார். வழக்குதான் என்று முடிவெடுத்தாலும் கோரிக்கை மூன்று லட்சத்துக்குக் குறையாத வியாபாரத் தகராறு என்றால், அவசரத் தடை ஏதும் கேட்காத வரை முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே முன்னால் விரிப்பது இந்தக் கடிதத்தைத்தான். போனில் எது பேசினாலும், "நீங்கள் இன்று சொன்னபடி பில் 489க்கு 18,900 கழிப்பதாக ஒப்புக்கொண்டீர்கள்" என்று அன்று மாலையே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். மார்ச் 15 தவணையை ஒரு நாள் முன்னதாகவே கட்டி, அதிலும் பில் எண்ணைப் போடுங்கள்: 447க்கு 12,875, மீதி 32,125 பில் 489க்கு.